மனு வேறு, விண்ணப்பம் வேறு

வேலை தேடும் பிள்ளைகள் இப்போதெல்லாம் தபாலில் விண்ணப்பம் போடுவதில்லை. லிங்க்ட்இன் என்ற தளத்தில் ஏதாவது ஒரு கம்பெனியின் ரெக்ரூட்டரைத் தேடிப் பிடித்து அவருக்கே நேராக ஒரு செய்தி அனுப்பி விடுகிறார்கள். ரெக்ரூட்டர் என்றால் கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர். அவர் முன்பின் தெரியாதவர். எழுது என்று அவர் கேட்கவும் இல்லை. அப்படிப் போகும் செய்திகள் சிலவற்றை அண்மையில் படிக்க நேர்ந்தது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. மரியாதை என்று நினைத்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார்கள். கெஞ்சல் மரியாதை ஆகாது. அது எழுதியவருக்கே பாதகமாக முடிகிறது. இதுதான் என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்கிறேன்.

இதில் நம் வயதுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. பேரனோ பேத்தியோ கடிதத்தை நீட்டி "சரியா இருக்கா, பாருங்க" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "வீட்டு நிலைமையை ஒரு வரி எழுது", "தயவுகூர்ந்து என்று போடு", "என்றும் நன்றி மறவேன் என்று முடி." நமக்குப் பழக்கமான கடிதம் மனு. அதனால் பிள்ளைகளின் விண்ணப்பத்தையும் மனுவாக மாற்றிவிடுகிறோம்.

நான் புதுச்சேரி அரசு அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மனுக்களைப் பிரித்துப் படித்துக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவதே பல வருடம் என் பிழைப்பு. ஒன்று கவனித்திருக்கிறேன். உதவித்தொகை கேட்டு வரும் மனுவில் வறுமையைச் சொல்வது தவறே இல்லை. அங்கே வறுமைதான் தகுதி. விதியே வருமானச் சான்றிதழைக் கேட்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் எந்த விதியும் உங்கள் கஷ்டத்தைக் கேட்பதில்லை. அங்கே கேட்கப்படுவது, இந்த வேலையை இந்த ஆள் செய்வாரா என்ற ஒன்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கடிதம் எவ்வளவு பணிவாக இருந்தாலும் கோப்பில் ஏறாது.

ரெக்ரூட்டரின் நாற்காலி எது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இவர்களில் இரண்டு வகை. ஒருவர் கம்பெனியிலேயே எச்.ஆர். பிரிவில் சம்பளம் வாங்குபவர். இன்னொருவர் வெளியே ஏஜென்சி வைத்து, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கம்பெனியிடம் கட்டணம் வாங்குபவர். இரண்டு பேர் கையிலும் நிரப்ப வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்ட பிரிவு அதிகாரி ஒருவர் இருப்பார். யாரைச் சேர்ப்பது என்ற கடைசி முடிவு பெரும்பாலும் அந்த அதிகாரியுடையது. ரெக்ரூட்டர் வேலையைத் தூக்கிக் கொடுக்கும் வள்ளல் அல்ல. நம் பாஷையில் சொன்னால், குறிப்பு எழுதி மேலே அனுப்புகிற எழுத்தர்.

எழுத்தர் என்பதால் எனக்கு அவர்கள்மேல் ஒரு பரிவு. பொருள் என்ன, எந்தக் கோப்பு என்று சொல்லாமல் நாலு பக்கம் அழுதிருக்கும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அரசுக் கடிதத்தில் "பொருள்", "பார்வை" என்று மேலே இரண்டு வரி போடச் சொல்வது சடங்குக்காக இல்லை. பார்வையில் பழைய கடிதத்தின் எண் இருந்தால் கோப்பை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அலமாரி முழுவதும் தேட வேண்டும். தேட நேரமில்லாத அன்று அந்த மனு அடியில் போய்விடும்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் மாடியில் குடியிருக்கும் குடும்பத்துப் பெண், பி.காம். படித்தவள். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தாள். அந்தப் பிரிவையே வேறு மாநிலத்துத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டதால் ஜனவரியில் வேலை போனது. மே மாதம் வரை அறுபது பேருக்குமேல் ஒரே செய்தியை அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் தருகிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, வணக்கம். நான் பி.காம். பட்டதாரி. நான்கு மாதமாக வேலை இல்லாமல் மிகவும் கஷ்டப்படுகிறேன். அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை. குடும்பமே என்னைத்தான் நம்பியிருக்கிறது. தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் எந்த வேலையாக இருந்தாலும், எந்தச் சம்பளமாக இருந்தாலும் சேரத் தயார். தயவுசெய்து ஒரே ஒரு வாய்ப்புத் தாருங்கள். இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். ரெஸ்யூமே இணைத்துள்ளேன். தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்."

இதில் ஒரு பொய்யும் இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததும் உண்மை. ஆனால் வந்த பதில் இரண்டுதான். ஒருவர் "பார்க்கிறோம்" என்றார். இன்னொருவர், பெயர் பதிவு செய்ய 2,500 ரூபாய் கட்டச் சொன்னார். நல்ல வேளையாக அவள் கட்டவில்லை. ஆள் எடுத்துக் கொடுப்பதற்குக் கம்பெனிதான் பணம் கொடுக்கும். வேலை தேடுபவரிடம் பணம் கேட்பவர் நிஜமான ரெக்ரூட்டராக இருக்க மாட்டார். "எந்த வேலையாக இருந்தாலும், எந்தச் சம்பளமாக இருந்தாலும்" என்ற வரி, ஏமாற்றுக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கும் வரி. தத்தளிப்பைக் காட்டினால் முதலில் மோப்பம் பிடித்து வருபவர்கள் அவர்கள்தான்.

நேர்மையான ரெக்ரூட்டர் அதே செய்தியைப் படித்தால் என்ன ஆகும்? "பி.காம்., கணக்கு வேலை" என்பதற்குமேல் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்தக் கணக்கு வேலை என்ற வார்த்தைகூடச் செய்தியில் இல்லை. ரெஸ்யூமேயைத் திறந்தால்தான் தெரியும். எந்த இடத்துக்கு என்பதை அவரே தன் பட்டியலில் தேடி, இவளுக்குப் பொருந்துவதைக் கண்டுபிடிக்க வேண்டும். "எந்த வேலையாக இருந்தாலும்" என்று எழுதும்போது நாம் விட்டுக்கொடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நம் வேலையை அவர் தலையில் வைக்கிறோம். ஐயா என்றும் அம்மா என்றும் ஒரே வரியில் விளித்தால், இது பலருக்கும் போன சுற்றறிக்கை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பெயர் அவர் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்து எழுதுவது இருபது "மதிப்பிற்குரிய"வைவிடப் பெரிய மரியாதை.

இதையெல்லாம் சொன்னதும் அவள் இரண்டு நாளில் வேறொன்று எழுதிக்கொண்டு வந்தாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "நான் ஆர்வமும் விடாமுயற்சியும் தலைமைப் பண்பும் நிறைந்தவள். என் திறமை உங்கள் நிறுவனத்துக்குப் பெரும் சொத்தாக அமையும். இதுபற்றி விவாதிக்க இந்த வாரம் பதினைந்து நிமிடம் ஒதுக்கவும்." கெஞ்சல் போய் மிடுக்கு வந்துவிட்டது. ஆனால் முதல் கடிதத்தில் இருந்த குறை அப்படியே இருந்தது. எந்த இடம்? என்ன வேலை தெரியும்? இரண்டுக்கும் பதில் இல்லை. போதாக்குறைக்கு, முன்பின் தெரியாதவரின் கால்மணி நேரத்தை உத்தரவு போட்டுக் கேட்கிறது.

"நீ என்ன வேலை பார்த்தே, அதைச் சொல்லு" என்றேன்.

"அக்கவுண்ட்ஸ்ல இருந்தேன் தாத்தா."

"அக்கவுண்ட்ஸ்னா? காலையில போய் உக்காந்தா முதல்ல எதைக் கையில எடுப்பே?"

அப்போதுதான் விஷயம் வந்தது. சப்ளையர்களின் பில்கள் அவள் மேசைக்கு வரும். மாதம் சுமார் 350 பில். ஒவ்வொன்றையும் கொள்முதல் ஆணையோடும், கிடங்கில் சரக்கு வந்து இறங்கியதற்கான வரவுச் சீட்டோடும் ஒப்பிட வேண்டும். ஆர்டர் கொடுத்தது நூறு, வந்தது தொண்ணூறு, பில் நூறுக்கு என்றால் நிறுத்தி வைக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் டி.டி.எஸ். பிடித்துப் பணம் அனுப்பும் பட்டியலில் ஏற்றுவது. மாதா மாதம் ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் 2பி அறிக்கையை எடுத்து, கம்பெனி வரவு வைக்க வேண்டிய வரி அதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. வராவிட்டால், ரிட்டர்ன் போடாத சப்ளையரைத் துரத்துவது. இதை மூன்று வருடம் இரண்டு மாதம் செய்திருக்கிறாள். டேலியில் செய்திருக்கிறாள். இவ்வளவும் அவள் வாயிலிருந்து ஐந்து நிமிடத்தில் வந்தது. அவள் அனுப்பிய அறுபது செய்தியில் ஒன்றில்கூட இல்லை.

பிறகு, எந்த இடத்துக்கு எழுதப் போகிறோம் என்று முடிவு செய்தோம். சென்னையில் ஒரு கம்பெனி "அக்கவுண்ட்ஸ் பேயபிள் எக்ஸிக்யூட்டிவ்" வேண்டும் என்று போட்டிருந்தது. சப்ளையர் பில்களைப் பார்க்கும் அதே வேலை. இரண்டு முதல் நான்கு வருட அனுபவம் வேண்டும், எஸ்.ஏ.பி. மென்பொருள் தெரிந்திருந்தால் நல்லது என்று இருந்தது. இடத்தின் எண்ணும் இருந்தது. விளம்பரத்தின் ஓரத்திலேயே அதைப் போட்ட ரெக்ரூட்டரின் பெயரும் இருந்தது. இது எப்போதும் இருப்பதில்லை, இருந்தால் விடக்கூடாது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். யாரும் விளம்பரம் செய்யாதபோது தானாக எழுதும் விண்ணப்பத்துக்குப் பிரெஞ்சில் "கான்டிடாத்யூர் ஸ்பொன்தானே" என்று ஒரு தனிப்பெயரே உண்டு. கேட்காமல் எழுதுவது அங்கே வெட்கப்படும் காரியமாக இல்லை. அதற்கென்று முறை உண்டு. பிரெஞ்சில் விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்றுத் தருபவர்கள் மூன்று சொல்லில் ஒரு வரிசை சொல்வார்கள்: "வூ, முவா, நூ". நீங்கள், நான், நாம். முதலில் அவர்களைப் பற்றி, பிறகு உன்னைப் பற்றி, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து அடுத்து என்ன என்பது பற்றி. நம் மனுவின் வரிசை இதற்கு நேர் எதிர்: நான், நான், என் குடும்பம், தயவு.

இன்னொன்றும் அந்தக் கடிதங்களில் உண்டு. முடிவில் நீளமான ஒரு மரியாதை வாசகம் வரும். தமிழில் சொன்னால், "என் மேலான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள் ஐயா" என்கிற மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கடைசியில் ஒரே இடத்தில் வைத்துவிடுவார்கள். நடுவில் காரியம் மட்டும்தான். வரிக்கு வரி பணிவைத் தெளித்தால் காரியம் மங்கிப் போகும். மரியாதை தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று போதும்.

இந்த முறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதியது இது. கம்பெனி பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டுத் தருகிறேன்:

"வணக்கம் (பெயர்) மேடம். உங்கள் சென்னை அலுவலகத்தின் அக்கவுண்ட்ஸ் பேயபிள் எக்ஸிக்யூட்டிவ் இடத்துக்கு (எண்) ஆள் எடுப்பதை நீங்கள் பார்ப்பதாக விளம்பரத்தில் கண்டு எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் 3 ஆண்டு 2 மாதம் சப்ளையர் பில் வேலையைப் பார்த்தேன். மாதம் சுமார் 350 பில்களைக் கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு இரண்டோடும் ஒப்பிட்டு, டி.டி.எஸ். பிடித்துப் பணம் செலுத்தத் தயார் செய்வது என் பொறுப்பு. மாதாந்தர ஜி.எஸ்.டி. 2பி ஒப்பீடும் நானே செய்தேன். கணக்குப் பிரிவு தலைமை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டதால் ஜனவரியில் அந்த வேலை முடிந்தது. உடனே சேர முடியும். சென்னைக்கு வந்து தங்குவேன்.

என் அனுபவம் டேலியில், எஸ்.ஏ.பி.யில் வேலை செய்ததில்லை. அது இல்லாதவர்களையும் இந்த இடத்துக்குப் பார்க்கிறீர்களா? ஆம் என்றால் இந்த எண்ணில் விண்ணப்பித்துவிட்டு உங்களுக்குத் தெரிவிக்கிறேன். படித்ததற்கு நன்றி."

முதல் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை போன விஷயம் இரண்டிலும் இருக்கிறது. முதலாவதில் "நான்கு மாதமாகக் கஷ்டப்படுகிறேன்." இரண்டாவதில் எப்போது, ஏன் என்று ஒரு வரி, அதற்கு அடுத்த வரி "உடனே சேர முடியும்." நம் நாட்டில் வேலையில் இருப்பவர் ராஜினாமா கொடுத்தால் நோட்டீஸ் காலம் ஒரு மாதம், இரண்டு மாதம், பல கம்பெனிகளில் மூன்று மாதம். அத்தனை நாள் அந்த இடம் காலியாகக் கிடக்கும். நாளைக்கே வரக்கூடியவரை ரெக்ரூட்டர்கள் "இம்மீடியட் ஜாயினர்" என்று தனியாகத் தேடுகிறார்கள். ஆக, வேலை இல்லாமல் இருப்பதையே அவருக்கு உபயோகமான ஒரு செய்தியாக எழுத முடியும். உண்மை மாறவில்லை. யார் பக்கத்திலிருந்து சொல்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது. காரணத்தைச் சொல்லாமல் விட்டால், நாலு மாத இடைவெளியைப் பார்த்து அவரே ஏதாவது கற்பனை செய்துகொள்வார். அதனால் அந்த ஒரு வரி தேவை. இரண்டு வரி வேண்டாம்.

எஸ்.ஏ.பி. தெரியாது என்று எழுதியதை அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லாததை நாமளே ஏங்க சொல்லணும்?" என்றார். விளம்பரத்தில் "இருந்தால் நல்லது" என்றுதான் இருந்தது; "இருக்க வேண்டும்" என்று இல்லை. ரெஸ்யூமேயைத் திறந்ததும் எப்படியும் தெரியப்போகிறது. முன்னாலேயே சொல்லிக் கேள்வியாகக் கேட்டால் இரண்டு நன்மை. எழுதியவள் விளம்பரத்தைக் கடைசிவரை படித்திருக்கிறாள் என்று புரியும். பதில் சொல்லவும் எளிது: "பார்ப்போம்" அல்லது "கட்டாயம் வேண்டும்". நடந்துகொண்டே கைபேசியில் அடித்துவிடலாம். "ஒரு வாய்ப்புத் தாருங்கள்" என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுத யாராலும் முடியாது. ஆம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை; இல்லை என்று சொல்ல மனசு வராது. அதனால் பேசாமல் இருந்துவிடுகிறார்.

விளம்பரத்தில் கட்டாயம் என்று போட்டிருந்தால்? அந்த இடத்தை விட்டுவிட வேண்டியதுதான். தகுதி பொருந்தாத இடத்துக்கு எந்தக் கடித நயமும் உதவாது.

லிங்க்ட்இன்னில் ஒரு சிக்கல் உண்டு. அறிமுகம் இல்லாதவருக்கு முழுச் செய்தி அனுப்பப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். இலவசமாக இருப்பவர்கள், இணைப்புக் கோரிக்கையோடு ஒரு சிறு குறிப்பு மட்டும் சேர்க்கலாம். அந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று வாக்கியத்துக்குமேல் இடம் கிடையாது. அப்போது எதை வெட்டுவது? எண்ணையும் அனுபவத்தையும் கேள்வியையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்: "வணக்கம் மேடம். (எண்) இடம் பற்றி. சப்ளையர் பில் வேலையில் 3 வருடம், டேலி, உடனே சேர முடியும். எஸ்.ஏ.பி. இல்லாதவர்களைப் பார்க்கிறீர்களா?" தந்தி அடித்த காலத்தை நாம் பார்த்தவர்கள். சொல்லுக்குக் காசு என்றால் எதை விடலாம் என்று தானே தெரியும்.

அனுப்பிய பிறகு என்ன செய்வது என்பதிலும் மரியாதை இருக்கிறது. மறுநாளே "பார்த்தீர்களா மேடம்" என்று கேட்பது, அடுத்த நாள் கேள்விக்குறி மட்டும் அனுப்புவது, அவருடைய போன் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுவது, இதெல்லாம் நல்ல கடிதத்தையும் கெடுத்துவிடும். ஒரு வாரம் பத்து நாள் விட்டு, ஒரு முறை நினைவூட்டலாம். அதிலும் புதிதாக ஒன்று இருக்க வேண்டும்: "சொன்ன எண்ணில் 12ஆம் தேதி விண்ணப்பித்துவிட்டேன். இடம் நிரம்பிவிட்டது என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்." அதற்கும் பதில் இல்லை என்றால் அங்கே நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது நினைவூட்டலை அரசாங்கம் அனுப்பலாம். வேலை தேடுபவர் அனுப்பக் கூடாது.

இப்படி எழுதினால் வேலை கிடைத்துவிடுமா என்று கேட்காதீர்கள். கடிதம் இடத்தை உண்டாக்காது. உள்ளே இருப்பவருக்கே கொடுக்க முடிவான இடமாக இருக்கலாம்; செலவைக் குறைக்க அந்த இடத்தையே நிறுத்தி வைத்திருக்கலாம். கடிதம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் அடையாளம் உண்டு. கேள்விகள் வர ஆரம்பிக்கும். "இப்போது வாங்கிய சம்பளம் எவ்வளவு, எதிர்பார்ப்பது எவ்வளவு, எப்போது சேர்வீர்கள், எந்த ஊர்?" நம் ஊர் ரெக்ரூட்டர் மேலே அனுப்ப நினைக்கும் ஆளிடம் வழக்கமாகக் கேட்பது இந்த நாலும்தான். கேள்வி வந்து, ரெஸ்யூமே போன பிறகு மௌனம் என்றால் கோளாறு ரெஸ்யூமேயில் இருக்கலாம். அதைத் திருத்த வேண்டும்.

மாடிவீட்டுப் பெண் அடுத்த மூன்று வாரத்தில் பதினோரு பேருக்கு மட்டும் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் விளம்பரத்தைப் படித்து, எண்ணையும் கடைசிக் கேள்வியையும் மாற்றி எழுதியதால் ஒரு செய்திக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஐந்து பேர் பதில் எழுதினார்கள். அந்தச் சென்னைக் கம்பெனி, எஸ்.ஏ.பி. தெரிந்தவரை எடுத்துவிட்டோம் என்று இரண்டு வரியில் சொன்னது. அதுவும் பதில்தான், காத்திருப்பது மிச்சம். இன்னொருவர் நாலு கேள்வியையும் கேட்டார். சம்பளம் கேட்டபோது இவளால் முன்பு வாங்கியதைவிட இரண்டாயிரம் கூடுதலாகச் சொல்ல முடிந்தது. "எந்தச் சம்பளமாக இருந்தாலும்" என்று முன்னமே எழுதியிருந்தால் அந்த இடத்தில் வாயைத் திறக்க முடியுமா? இதை எழுதும் நாளில் இரண்டாவது சுற்று நேர்காணல் முடிந்திருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரிதான். ஆனா படிக்கிறவனும் மனுஷன்தானேப்பா. கஷ்டத்தைச் சொன்னா இரங்க மாட்டானா?" என்றார். இரங்குவார். நானும் எத்தனையோ மனுவைப் படித்து இரங்கியிருக்கிறேன். ஆனால் ரெக்ரூட்டர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? பிரிவு அதிகாரிக்கு ஒரு வரி எழுத வேண்டும். "பாவம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்" என்று எழுத முடியாது. "மூன்று வருடம் பில் ஒப்பிட்டவர், மாதம் 350, உடனே சேர்வார்" என்று எழுத முடியும். இரக்கம் படித்தவரோடு நின்றுவிடுகிறது. அடுத்த மேசைக்கு நகரக்கூடியது தகவல் மட்டுமே. அந்த வரியை நாமே அவர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டால், இரங்கிய மனசுக்கும் உதவ ஒரு வழி கிடைக்கிறது.

அடுத்த முறை வீட்டுப் பிள்ளை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினால், "தயவுகூர்ந்து" சேர்க்கச் சொல்லாதீர்கள். காலையில் ஆபீசுக்குப் போனதும் முதலில் எதைக் கையில் எடுப்பாய் என்று கேளுங்கள். அதை எழுதச் சொல்லுங்கள். வீட்டுக் கஷ்டம் வீட்டில் நமக்குத் தெரிந்தால் போதும்.